பழுப்புக் குப்பியா, சிறிய குப்பியா? ஆரஞ்சு எண்ணெயை எதில் வைப்பது

நறுமண எண்ணெய் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது குப்பியின் நிறத்தைத்தான். பழுப்பு நிறக் கண்ணாடியாக இருந்தால் எண்ணெய் பத்திரம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பாதிதான் நியாயமானது. பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கிறது. ஆனால் எண்ணெயைக் கெடுக்கும் ஆக்சிஜன் குப்பிக்கு வெளியே காத்திருக்கவில்லை. மூடிக்கும் எண்ணெய்க்கும் நடுவே உள்ள காற்றில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் குப்பியின் நிறம், அளவு, மூடி, வைக்கும் இடம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பலன் என்று ஒரே ஓர் எண்ணெயை வைத்துப் பார்க்கலாம். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய் இதற்குப் பொருத்தம். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் லிமோனீன் என்ற ஒரே பொருள். எது கெடுகிறது, எப்படிக் கெடுகிறது என்பதை அதில் தெளிவாகப் பின்தொடர முடியும்.

லிமோனீன் மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை அடுத்துள்ள கார்பன்களில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் சற்றுத் தளர்வாகவே பிடிக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சமோ வெப்பமோ இரும்பு, செம்பு போன்ற உலோகத்தின் சிறு துகளோ அதில் ஒன்றை உருவிவிட்டால் போதும். மிஞ்சிய மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. உடனே பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னை நிறைவு செய்துகொள்கிறது. பறிகொடுத்த மூலக்கூறு அதே வேலையைத் தொடர்கிறது. சரவெடியின் முதல் வெடிக்குத் தீ வைத்தபின் தீக்குச்சி தேவைப்படுவதில்லை, இதுவும் அப்படித்தான். வெளிச்சம் தொடங்கி வைக்கிறது, ஆக்சிஜன் இருக்கும்வரை தொடர் தானாக ஓடுகிறது. இதில் விளைவது ஹைட்ரோபெராக்சைடு. தோலுக்கு ஆகாத பொருள் இதுதான்.

இது தெரியவந்த வரலாறு எண்ணெய்க் கடையில் தொடங்கவில்லை, பெயின்ட் வேலையில் தொடங்கியது. ஸ்வீடனில் டர்பன்டைன் கொண்டு வேலை செய்தவர்களின் கைகளில் தீராத சொறியும் வெடிப்பும் வந்தன. டர்பன்டைனில் உள்ள 3-கேரீன் என்ற பொருள் காற்றுப்பட்டு ஹைட்ரோபெராக்சைடாக மாறியதே காரணம் என்று கண்டார்கள். பின்னாளில் கரைப்பானாக லிமோனீன் புழக்கத்துக்கு வந்தபோது, ஸ்வீடன் ஆய்வாளர் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க்கும் அவருடைய குழுவினரும் அதையும் சோதித்தார்கள். காற்றுப் படாத தூய லிமோனீன் ஏறக்குறைய சாது. காற்றில் விட்டுவைத்த லிமோனீனோ நல்ல வீரியமுள்ள ஒவ்வாமைப் பொருள். லாவெண்டரில் உள்ள லினலூலும் இதே குணம் கொண்டது.

தோலில் நடப்பதை எரிச்சல் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது சரியல்ல. ஹைட்ரோபெராக்சைடு தோலுக்குள் உடைந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. மாறிப்போன அந்தப் புரதத்தைத் தோலின் காவல் செல்கள் நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று அந்நியன் என்று அடையாளம் காட்டுகின்றன. இந்த முதல் சுற்றில் வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே பொருள் பட்டதும், ஓரிரு நாள் கழித்துச் சிவப்பு, அரிப்பு, சிறு கொப்புளம் என்று வருகிறது. இந்த இடைவெளியால்தான் பலர் பழியைச் சோப்பின்மீதோ சாப்பிட்ட கத்தரிக்காயின்மீதோ போடுகிறார்கள். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பட்டைச் சோதனையை இரண்டாம் நாள் மட்டுமல்லாமல் மூன்றாம் அல்லது நான்காம் நாளும் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. ஒருமுறை உடல் இப்படிப் பழகிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கும். பிறகு சுத்தமான புது எண்ணெய் வாங்கினாலும், அதில் உருவாகும் சிறிதளவு ஹைட்ரோபெராக்சைடே தொல்லை தரலாம்.

இனி குப்பிகளுக்கு வருவோம். நிறத்தில் பழுப்பே முதலிடம். புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் அது பெருமளவு விழுங்கிவிடுகிறது. கடைகளில் அழகாக அடுக்கி வைக்கும் கோபால்ட் நீலக் குப்பி நீல ஒளியையும் அதை ஒட்டிய புற ஊதாவில் ஒரு பகுதியையும் உள்ளே விடுகிறது; தடுக்க வேண்டியதையே அனுமதிக்கிறது என்று பொருள். நீலக் குப்பிக்குக் கூடுதல் விலை கொடுப்பது கண்ணுக்குக் கொடுக்கும் விலை. ஆனால் குப்பி எப்போதும் மூடிய அலமாரியிலோ அட்டைப் பெட்டியிலோ இருக்குமானால், பழுப்பு, நீலம், நிறமற்றது ஆகிய மூன்றுக்கும் வேறுபாடு மிகச் சொற்பம்.

உண்மையான போட்டி பெரிய குப்பிக்கும் சிறிய குப்பிக்கும் இடையில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.லி. பழுப்புக் குப்பி, 20 மி.லி. எண்ணெய் மிச்சம். மேலே 80 மி.லி. காற்று, அதில் ஏறக்குறைய 17 மி.லி. ஆக்சிஜன், அதாவது வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் அலகில் 0.7 மில்லிமோல் அளவு. அது முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து பெராக்சைடாக மாறினால், லிட்டருக்கு 34 மில்லிமோல் கணக்கில் வருகிறது. லிமோனீன் மிகுந்த எண்ணெய்களுக்கு இஃப்ரா என்னும் சர்வதேச நறுமணப் பொருள் சங்கம் வைத்திருக்கும் வரம்பு 20. ஆக, குப்பியை இனித் திறக்கவே வேண்டாம்; உள்ளே அடைபட்ட காற்று ஒன்றே வரம்பைத் தாண்டப் போதும். திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று வேறு நிரம்புகிறது.

அதே எண்ணெய் 10 மி.லி. குப்பியில், அரை மி.லி. இடம் மட்டும் விட்டு நிரப்பப்பட்டிருந்தால், அந்தக் காற்றால் உருவாகக்கூடியது லிட்டருக்கு அரை மில்லிமோல்கூட இல்லை. சேரும் ஆக்சிஜன் எல்லாம் பெராக்சைடாகவே நிற்பதில்லை. ஒரு பகுதி உடைந்து வேறு பொருளாகிவிடும். அதைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் குறையப்போவதில்லை.

சிறிய குப்பிக்கும் ஒரு வரம்பு உண்டு, அதை மறைக்கக்கூடாது. பாதி தீர்ந்ததும் கணக்கு 9ஐ நெருங்குகிறது. கடைசி 2 மி.லி. மிஞ்சும்போது பெரிய குப்பியின் அதே விகிதம், அதே 34. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 10 மி.லி. சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதுவரை மற்ற ஒன்பது குப்பிகள் திறக்கப்படாமல் நிறைந்தே இருக்கும். 100 மி.லி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கிய அன்றே நன்கு உலர்ந்த சிறு பழுப்புக் குப்பிகளில் கழுத்துவரை பிரித்து ஊற்றி, தேதியை எழுதி ஒட்டிவிடுவது சரியான வழி. குப்பிக்குள் சிறு கண்ணாடி மணிகளைப் போட்டு எண்ணெய் மட்டத்தை உயர்த்துகிறவர்களும் உண்டு. கணக்குப்படி அது சரி, மணிகள் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால். தொழிற்சாலைகள் மேலே உள்ள காற்றை விரட்ட நைட்ரஜன் நிரப்புகின்றன.

பிளாஸ்டிக் இந்தப் போட்டியில் நிற்கவே இல்லை. ஆரஞ்சு எண்ணெய் ஒரு சொட்டைத் தெர்மாகோலில் விட்டுப் பாருங்கள், அந்த இடம் கரைந்து குழியாகிவிடும். எல்லாப் பிளாஸ்டிக்கும் அப்படிக் கரையாது. ஆனால் மெல்லிய பாலிதீன் குப்பி இளகி உப்பும், எண்ணெயின் ஆவி சுவர் வழியே கசியும். ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழல் மூடியும் இதே வகையில் சேரும். சில மாதங்களில் ரப்பர் பிசுபிசுத்து மூடியின் இறுக்கம் போய்விடும். கழுத்தில் சொட்டு விழும் அடைப்பானும் மேலே திருகு மூடியும் உள்ள குப்பியே மேல். உள்பூச்சுள்ள அலுமினியக் குப்பி வெளிச்சத்தை முழுமையாகத் தடுக்கும். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு உடையாது என்ற வசதியும் உண்டு. ஆனால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு காற்று என்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் அதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டியது.

அலமாரியா ஃப்ரிட்ஜா என்ற கேள்விக்கு ஃப்ரிட்ஜ் என்பதே என் பதில், அதுவும் நம் கோடையில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினை வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணிப்பு. 35 டிகிரி அறைக்கும் 5 டிகிரி ஃப்ரிட்ஜுக்கும் இடையே அது எட்டு மடங்கு ஆகிறது. எடுத்தவுடன் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படியும். மோரும் தயிரும் ஆரஞ்சு மணக்காமல் இருக்க, குப்பிகளை இறுக மூடும் ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

வைட்டமின் இ சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம், தொடரை இடையில் அறுக்கும் வேலையை அது செய்கிறது. அளவு 0.1 சதவீதம், அதாவது 100 மி.லி.க்கு ஏறக்குறைய 0.1 கிராம்; சில சொட்டுகள்தான். ஆனால் அது டோகோஃபெரால் ஆக இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் இ மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரில் அசிடேட். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வேண்டிய முனை அதில் அடைக்கப்பட்டிருப்பதால் குப்பிக்குள் அது வெறும் எண்ணெய். சரியானதைச் சேர்த்தாலும் புது எண்ணெய்க்கு மட்டுமே பயன். ஏற்கெனவே உருவான பெராக்சைடை அது திரும்ப எடுத்துக்கொள்ளாது.

கெட்டதை மூக்கு ஓரளவு சொல்லும். உரித்த தோலின் பளிச்சென்ற மணம் மங்கி, சதகுப்பையின் வாடை எட்டிப்பார்க்கும். லிமோனீன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கார்வோன் என்ற பொருள் உருவாகியிருப்பதன் அடையாளம் அது. குப்பியின் கழுத்தில் பிசின்போல ஒட்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தால், புது எண்ணெய் மெல்லிய மெழுகுத் தடம் மட்டும் விட்டிருக்கும், பழையது பிசுபிசுக்கும். ஆனால் மணம் நன்றாக இருப்பதால் மட்டும் எண்ணெய் நல்லது என்று கொள்ள முடியாது. ஹைட்ரோபெராக்சைடு வரம்பைத் தாண்டியபின்னும் மிச்சமுள்ள பெரும்பகுதி லிமோனீனின் வாசனை அதை மூடிவிடும். ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிப்படும் அயோடினை அளந்துதான் பெராக்சைடு அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். மிகப் பழைய எண்ணெயில் அந்த அளவுகூடக் குறைவாகக் காட்டலாம், பெராக்சைடு உடைந்து வேறு பொருள்களாகியிருப்பதால்.

இந்த அலசல் எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவில் பொருந்தாது. எலுமிச்சைத் தோல், பைன், டீ ட்ரீ, லாவெண்டர் ஆகியவற்றை ஆரஞ்சோடு சேர்த்து எச்சரிக்கையாக வைக்க வேண்டும். ஊட்டிக் கடைகளில் நிறமற்ற குப்பியில் விற்கும் நீலகிரித் தைலம் அவ்வளவு சீக்கிரம் கெடாததற்குக் காரணம், அதன் பெரும்பகுதியான சினியோலில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஆக்சிஜனுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதோடு சிறிதளவு கலந்திருக்கும் பைனீனும் லிமோனீனும் மட்டுமே கெடும். சந்தனத் தைலமும் வெட்டிவேர்த் தைலமும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜில் இடம் குறைவென்றால் இவற்றை அலமாரிக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தை ஆரஞ்சுக்குக் கொடுக்கலாம்.