அனுமன் சாலீசா பக்கத்தைப் படமெடுத்துத் தமிழாக்கியது: ரொம்ப நாள் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் பஜனைக் குழுவில் பாதிப் பேருக்கு இந்தி எழுத்து தெரியாது. பாட்டு மனப்பாடம், பொருள் தெரியாது. அதற்காகத்தான் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு அனுமன் சாலீசா புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தமிழில் கொண்டுவர ஆரம்பித்தேன். இப்போது மற்ற தோத்திரங்களுக்கும் இதே முறைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் மேலேயே மொழிபெயர்ப்பை ஒட்டிக் காட்டும் வசதியைப் பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். தெருப் பலகைக்கு அது சரி, இங்கே இரண்டு அடியைச் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிவிடும். படத்திலிருந்து எழுத்தை மட்டும் தனியே எடுத்து, அதைத் திருத்தி, அப்புறம்தான் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். திருத்தத்தில்தான் நேரம் போகும், ஆனால் அதை விட்டால் மிச்சமெல்லாம் கெடும்.

சாலீசாவில் ஒவ்வொரு சௌபாயியும் இரண்டு பாதி. முதல் பாதி முடிந்ததும் ஒற்றைக்கோடு, இரண்டாவது முடிந்ததும் இரட்டைக்கோடு, பிறகு எண். இந்த ஒற்றைக்கோட்டைச் செயலி பல நேரம் 1 என்று படித்துவிடும். தேவநாகரியில் १, ९ இரண்டும் ஒரே சாயல் என்பதால் எண்ணும் மாறும், வரிசையாகப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். பூஜையில் இருக்கும் புத்தகமென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்தின் மேல் ஒரு குங்குமத் துளி காய்ந்திருந்தால் அதை 'ம்' போன்ற மூக்கொலியைக் காட்டும் அனுஸ்வாரப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும், சொல்லே வேறாகிவிடும். அதனால் எழுத்து வந்ததும் பக்கத்தோடு வைத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுவிடுவேன். பிறகு ஒவ்வொரு பாதியையும் தனி வரியாக்கி, கோட்டை அப்படியே விட்டு, சௌபாயிகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டால் அடிகள் பெரும்பாலும் கலக்காது. இந்தியிலும் தமிழிலும் வினை கடைசியில் வருவதால் அடிக்கு அடி நிறுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை.

பெயர்கள்தான் பெரிய வேலை. 'சங்கர சுவன கேசரீ நந்தன' என்ற அடியில் கேசரி அனுமனின் தந்தை. செயலி அதைக் குங்குமப்பூ நிறமாக எடுத்துக்கொண்டு 'காவி மகிழ்ச்சி' என்ற மாதிரி ஒன்றைக் கொடுத்தது, படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. பவனசுதன் 'காற்றின் மகன்' ஆகிவிடுவான். பொருள் சரிதான், ஆனால் கூப்பிட்டு வணங்கும் பெயர் போய்விடுகிறதே! அதனால் மொழிபெயர்க்கும் முன்பே ஒவ்வொரு பெயரையும் எடுத்துவிட்டு N1, N2 என்று குறி வைக்கிறேன், எது எதற்கு என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன். தமிழ் வந்ததும் திரும்பப் பெயரை வைத்து, வேற்றுமை உருபைக் கையால் சேர்க்க வேண்டும். குறி ஆளா பொருளா என்று செயலிக்குத் தெரியாததால் சில அடிகளில் வினை 'செய்தது' என்று அஃறிணையில் வந்து நிற்கும், அதைத் தவறாமல் பாருங்கள்.

பெயர் போலத் தெரிவதெல்லாம் பெயரில்லை என்பதும் உண்டு. 'பீம ரூப தரி அசுர ஸம்ஹாரே' என்ற அடியில் பீம என்றால் அச்சம் தரும் என்று பொருள், பாண்டவர் பீமனில்லை. குறி வைக்காமல் விட்டபோதும் செயலி பீமனைக் கொண்டுவந்து நிறுத்தியது. நான் கடைசியில் வைத்தது இது:

அச்சம் தரும் உருவெடுத்து அசுரரை அழித்தாய்,
இராமசந்திரனின் காரியத்தைச் செம்மையாக முடித்தாய்.

இதே அடிக்குச் செயலி தந்தது 'அழித்தீர்கள், முடித்தீர்கள்'. மரியாதை என்று நினைத்து 'நீங்கள்' போடுகிறது, ஆனால் தமிழில் சாமியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அது அலுவலக மேசைக்கு எதிரே நின்று பேசுவது போல இருக்கிறது. தேவாரத்திலும் பிரபந்தத்திலும் பழகிய காதுக்கு 'நீ', 'உன்', 'நின்' என்பதில்தான் பக்தி இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் எல்லா அடியிலும் நானேதான் மாற்றுகிறேன். அதற்காக 'ஹே', 'ஐயனே' என்று மூலத்தில் இல்லாத விளியைச் சேர்க்கவும் கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. சாலீசா இந்திக்கு நெருங்கிய அவதி என்ற மொழியில் இருப்பது. சுவன, ஜராவா போன்ற சொற்களை இன்றைய இந்தி என்று நினைத்துச் செயலி தடுமாறும், அங்கே உரையோடு கூடிய பதிப்புதான் கைகொடுக்கிறது. 'சங்கர சுவன' என்று சில பதிப்பிலும் 'சங்கர ஸ்வயம்' என்று வேறு சிலவற்றிலும் இருக்கும். முதலாவது சங்கரனின் மைந்தன், இரண்டாவது சங்கரனே. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. படமெடுத்த பக்கத்தில் உள்ளதையே தமிழாக்கி, மற்ற பாடத்தை அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறேன்.