ஸ்டீமில் தனியாளாக கேம் வெளியிட்ட அனுபவம்: பரிசீலனையில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

கேம் முடிந்துவிட்டது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஏற்றிவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 டாலர் கட்டணம் செலுத்தி, வரி, வங்கி விவரங்களைக் கொடுத்ததும் கேமுக்கான எண் கிடைக்கும். முதல் கேம் என்றால் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். ஸ்டோர் பக்கமும் 'விரைவில் வருகிறது' என்ற நிலையில் குறைந்தது இரண்டு வாரம் மக்கள் பார்வைக்கு இருந்தாக வேண்டும். அதனால் கேம் முடியும்வரை காத்திருக்காமல், நல்ல ஸ்க்ரீன்ஷாட் ஐந்து கிடைத்தவுடன் பக்கத்தைத் திறந்துவிடுவதுதான் சரி. விஷ்லிஸ்ட் சேருவதும் அன்றிலிருந்துதான் தொடங்கும்.

பரிசீலனை இரண்டு தடவை நடக்கிறது. ஸ்டோர் பக்கத்துக்கு ஒன்று, வீரர்கள் இறக்கி ஓட்டப்போகும் கேம் கோப்புகளான பில்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டோர் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முகப்புப் படத்தில் ஓவியமும் கேமின் பெயரும் மட்டும் இருக்கட்டும். விமர்சன வரியோ, விருதோ, தள்ளுபடி விவரமோ கூடாது. ஸ்க்ரீன்ஷாட் என்றால் விளையாடும்போது திரையில் தெரிவது, போஸ்டர் அல்ல. இவ்வளவு பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

பில்ட் பரிசீலனையில்தான் விஷயம் இருக்கிறது. கேம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் அங்கே மதிப்பிடுவதில்லை. ஸ்டோர் பக்கத்தில் நீங்கள் டிக் போட்டதெல்லாம் பில்டில் நடக்கிறதா என்று இயக்கிப் பார்க்கிறார்கள். அச்சீவ்மென்ட் உண்டு என்றால் அது திறக்க வேண்டும். ஒரு மொழி உண்டு என்றால் மெனுவில் அந்த மொழி இருக்க வேண்டும்.

என் பில்ட் ஒருமுறை திரும்பி வந்தது. முழு கன்ட்ரோலர் ஆதரவு என்று டிக் போட்டிருந்தேன். ஆட்டம் முழுக்க கன்ட்ரோலரில் சரியாகவே ஓடியது. ஆனால் புது ஆட்டம் தொடங்கும்போது வீரரின் பெயரைத் தட்டச்சு செய்யும் ஒரு திரை வரும். அங்கே கீபோர்டு இல்லாமல் நகர முடியாது. முழு ஆதரவு என்றால் கேமைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை கீபோர்டையும் மவுஸையும் தொடவே வேண்டியதில்லை என்று அர்த்தம். இதற்கு இரண்டு வழி உண்டு. டிக்கைப் பகுதி ஆதரவுக்கு இறக்கலாம், அல்லது ஸ்டீமின் திரைக் கீபோர்டை அழைக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். பெயர்ப் பெட்டிக்கு ஃபோகஸ் வந்ததும் `ShowGamepadTextInput` அழைப்பு போகிறது, வீரர் முடித்ததும் எழுத்து பெட்டிக்குள் வந்து விழுகிறது. மறுபடி அனுப்பியபோது பில்ட் ஏற்கப்பட்டது.

இன்னொரு சிக்கல், நம் கணினியில் கண்ணில் படவே படாது. உருவாக்கும்போது exe பக்கத்தில் `steam_appid.txt` என்ற கோப்பை வைத்திருப்போம். அது இருந்தால் ஸ்டீம் வழியாகத் திறக்காமலே ஸ்டீம் வசதிகள் வேலை செய்யும். வசதிதான், ஆனால் ஸ்டீம் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் லாஞ்ச் ஆப்ஷனில் exe பெயர் தப்பாக இருந்தாலும், கேம் கோப்புகளின் தொகுப்பான டெப்போ, வாங்குபவருக்குக் கிடைக்கும் பேக்கேஜில் சேராமல் விட்டுப்போயிருந்தாலும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் ஃபோல்டரிலிருந்து நேராகத் திறந்துகொண்டிருப்போம். பரிசீலிப்பவர் ஸ்டீமில் இன்ஸ்டால் செய்து 'Play' அழுத்துவார், ஒன்றும் திறக்காது. அந்த `steam_appid.txt` நம் கணினிக்கு மட்டும்தான் தேவை, வீரர்களுக்குப் போகாதபடி டெப்போ ஸ்கிரிப்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்:

```
"FileExclusion" "steam_appid.txt"
```

அப்புறம், கேம் எஞ்சின் எதுவும் ஏற்றாத வேறொரு கணினியில், ஸ்டீம் வழியாகவே இறக்கித் திறந்து பாருங்கள். விஷுவல் சி++ ரன்டைம் விடுபட்டிருந்தால் அங்கேதான் தெரியும். அதை இன்ஸ்டலேஷன் பக்கத்தில் ஒரு டிக் போட்டுச் சேர்த்துவிடலாம்.

இரண்டு பரிசீலனையும் முடிந்த பிறகு வெளியிடும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். தேதி இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் நாமே மாற்ற முடியாது, ஸ்டீமுக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஆகவே, பில்ட் ஒருமுறை திரும்பி வந்தாலும் தாங்கும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தேதி வைப்பது நல்லது.

வெளியான பிறகு நிலைமை தலைகீழ். அப்டேட்டுகளை யாரும் பரிசீலிப்பதில்லை. பொதுப் பதிப்பான டிஃபால்ட் கிளையில் போட்ட நிமிடமே எல்லா வீரர்களுக்கும் போய்விடும். ஸ்டீமை நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு எனக்குப் பெரிய பொறுப்பாகத் தெரிவது இதுதான். இப்போது ஒவ்வொரு அப்டேட்டையும் முதலில் பாஸ்வேர்டு வைத்த தனிக் கிளையில் போடுகிறேன். பழைய சேவ் கோப்பு ஒன்றைத் திறந்து, பெயர்த் திரை வரை கன்ட்ரோலரிலேயே போய்ப் பார்த்த பிறகுதான் டிஃபால்ட்டுக்கு மாற்றுகிறேன். ஏதாவது உடைந்தால், கேம் உருவாக்குபவர்களுக்கான ஸ்டீம் பார்ட்னர் தளத்தில் முந்தைய பில்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி டிஃபால்ட் ஆக்கிவிடலாம், திரும்ப ஏற்றவே வேண்டாம்.