நாலு வரிசையா, ஆறு வரிசையா: ஒரு வன்னிக் களஞ்சியத்துக்கு பலட் இடம் எண்ணிய கணக்கு

பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்துக்கு றாக்கை போடும் பொறுப்பு போன வருஷம் என் தலையில் விழுந்தது. அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா, பிஸ்கற் பெட்டிகள். அதுவரை எல்லாம் நிலத்தில் அட்டியாகவே கிடந்தன. அட்டிக்குச் செலவு குறைவு, உண்மைதான். ஆனால் முதலில் வந்த மூடை அடியில் கிடக்கும். கடைசியில் வந்தது முதலில் போகும். வண்டு வைத்த அரிசியை ஒருமுறை திருப்பி வாங்கிய பிறகு முதலாளிக்கு அதில் மனம் இல்லை.

றாக்கை என்று முடிவானதும், அதற்குள் எந்த வண்டி ஓடப்போகிறது என்ற கேள்வி வந்தது. ஒன்று, இங்கே எல்லோரும் வைத்திருக்கும் இரண்டரைத் தொன் டீசல் ஃபோர்க்லிஃப்ட். இரண்டாவது, மூன்று சில்லு மின்சார ஃபோர்க்லிஃப்ட். மூன்றாவது, றாக்கை வரிசைகளுக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய வழிக்கென்றே செய்த ரீச் டிரக். நாங்கள் எடுத்தது இரண்டாவது. எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டியைப் பற்றிக் கதைக்க முதல், சாமானை அடுக்கித் தூக்கும் மரத்தட்டான பலட்டுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று தெரிய வேண்டும். என் முதல் கணக்கு பிழை. வருஷச் சராசரி இருப்பை எடுத்து 250 இடம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். களஞ்சியத்தைப் பார்க்கும் அண்ணை சிரித்தார். "தம்பி, சராசரி மழைக்கோ குளக்கட்டு கட்டுறது?" இரணைமடுத் தண்ணியில் வயல் செய்யும் மனுசன் வேறு எப்படிச் சொல்வார்.

திரும்ப உட்கார்ந்து கணக்குக் கொப்பியிலிருந்து கிழமைக்குக் கிழமை இருப்பை எழுதினோம். இதில் இன்னொரு குழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் உச்சத்தையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் தேவைக்கு மேல் போய்விடும். காலபோக அறுவடைக்குப் பின் அரிசி நிரம்பும். பிஸ்கற் சித்திரை வருஷத்துக்கு முன் நிரம்பும். இரண்டும் ஒரே கிழமையில் உச்சத்துக்கு வருவதில்லை. ஆகவே மொத்தம் எந்தக் கிழமையில் அதிகம் என்று பார்த்தோம். அது மாசி கடைசியில் வந்தது. அந்தக் கிழமையில் 25 கிலோ அரிசி மூடை 8,400. ஒரு பலட்டில் 40 மூடை, அதாவது ஒரு தொன். ஆக 210 பலட். சீனி, பருப்பு, மா சேர்த்து 60. பெட்டிச் சாமான் 70. கூட்டினால் 340.

ஆனால் 340 இடம் போதாது. ஒவ்வொரு வகையிலும், ஒவ்வொரு தொகுதியிலும் பாதி எடுத்த பலட் ஒன்று எப்போதும் நிற்கும். அரைப் பலட்டும் முழு இடத்தைத்தான் பிடிக்கும். அந்தக் கிழமையில் ஏறக்குறைய 60 தொகுதி இருந்தது. ஒன்றுக்கு அரை இடம் என்று 30 கூட்டினால் 370. அப்புறம், றாக்கை முழுவதும் நிரம்பியிருந்தால் வேலை ஓடாது. வந்த லொறியை இறக்க வெற்றிடம் வேண்டும். 85 சதவீதம் நிரம்பியதையே நிறைவு என்று வைத்தோம். 370ஐ 0.85ஆல் வகுத்தால் 435.

இனி கட்டடம். உள்நீளம் 30 மீற்றர். அகலம் 18 மீற்றர். இது தூணுக்குத் தூண் அளந்தது. சுவருக்குச் சுவர் அளந்தால் 18.4 வரும், அந்த 40 சென்ரிமீற்றரை நம்பி வரைந்த முதல் படத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று. கூரைச் சட்டத்தின் அடி 6 மீற்றர் உயரத்தில். பலட் 1.2க்கு 1.0 மீற்றர். 1.0 மீற்றர்ப் பக்கம் வழியைப் பார்த்து இருக்கும்படி, பீமுக்கு இரண்டாக வைத்தால், கால் உட்பட ஒரு கட்டம் 2.4 மீற்றர். பத்துக் கட்டத்துக்கு 24.1 மீற்றர் போக, முன்னால் ஏற்றி இறக்க ஏறக்குறைய 6 மீற்றர் மிஞ்சும். ஆக ஒரு வரிசையில், ஒரு தட்டில், 20 பலட்.

மூடைப் பலட் மரத்தோடு சேர்த்து 1.2 மீற்றர் உயரம். பீமுக்கும் தூக்கி எடுக்கும் இடைவெளிக்கும் 25 சென்ரிமீற்றர் விட்டால் தட்டுக்கு 1.45. நிலத்தில் ஒன்று, மேலே மூன்று பீம் என்று நாலு தட்டு. உச்சிப் பலட்டின் தலை 5.55இல் நிற்கும். பெட்டிப் பலட் 1.8 மீற்றர். அதற்குத் தட்டுக்கு 2.05. மூன்றாவதை ஏற்றினால் தலை 5.9 மீற்றரில் போய் நிற்கும், மின்விளக்கோடு முட்டும். எனவே பெட்டி நிற்கும் இடங்களில் உயரமானது இரண்டு, அதன் மேல் குட்டையானது ஒன்று. மேல் இடம் வீணாகாது. பாதி எடுத்த பலட்டுகள் அங்கே போகும்.

70 பெட்டிப் பலட்டுக்கு அதே 85 சதவீதப்படி 82 உயர இடம் வேண்டும். கட்டக் கணக்குக்கு இசைய 84 என்று வைத்தால், மேலிருந்து கீழ் வரை 42 நிரை. அவை ஒவ்வொன்றிலும் மூன்று இடம். மீதி நிரைகளில் நாலு.

இப்போதுதான் வழியின் அகலம் வருகிறது. வண்டி வழிக்குள் செங்கோணமாகத் திரும்பி பலட் எடுக்க வேண்டிய அகலத்தை விற்பனைப் புத்தகத்திலிருந்து நாமே கூட்டலாம்: வெளித் திரும்பு ஆரை, முன் அச்சிலிருந்து பலட்டைத் தூக்கும் முள்ளின் முகம் வரை உள்ள தூரம், பலட்டின் நீளம், அத்தோடு 20 சென்ரிமீற்றர் பாதுகாப்பு. இரண்டரைத் தொன் டீசலுக்கு இது 4.1 மீற்றர் அளவில் வரும். நாங்கள் பார்த்த மூன்று சில்லுக்கு 1.55, 0.36, 1.2, 0.2 என்று கூட்டி 3.31. ரீச் டிரக்குக்கு 2.9 என்று வைத்துக்கொள்வோம்.

சுவரோர வரிசைக்கு 1.3 மீற்றர், முதுகோடு முதுகு நிற்கும் இரட்டை வரிசைக்கு 2.5. சுவரோரம் இரண்டு, நடுவில் இரண்டு இரட்டை என்று ஆறு வரிசைக்கு றாக்கை மட்டும் 7.6 மீற்றர் தின்னும், மூன்று வழி வேண்டும். 18இல் 7.6 போக 10.4, மூன்றால் பிரித்தால் வழிக்கு 3.46. இந்த ஒரு எண்ணில்தான் முழு வழக்கும் தீர்ந்தது. 3.46க்குள் திரும்பும் எந்த வண்டியும் ஆறு வரிசை தரும். ரீச் டிரக்கின் 2.9 அதற்குமேல் ஒரு பலட்டும் தராது. மூன்று வழியிலும் சேர்த்து 1.7 மீற்றர் மிஞ்சும், அவ்வளவுதான். ஏழாவது வரிசைக்கு நாலாவது வழி வேண்டும், அதற்கு இடமில்லை. விற்பனைக்கு வந்த தம்பி "வழி ஒடுங்கினால் இடம் கூடும்" என்று படம் காட்டினார். இடம் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகக் கூடுவதில்லை. ஒரு முழு வரிசை புகுந்தால்தான் கூடும்.

டீசலுக்கு நாலு வரிசைதான். 80 நிரையில் 42 மூன்றாகவும் 38 நாலாகவும் எண்ணினால் 278 இடம். மிஞ்சும் 4.7 மீற்றர் அகலத்தில் பழையபடி அட்டி போடலாம், ஆனால் 435க்குக் கிட்டவும் வராது. மலிவு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், இருந்தாலும் இந்தக் கட்டடத்துக்கு அது இல்லை. ஆறு வரிசையில் 120 நிரை: 126உம் 312உம் சேர்ந்து 438. தேவை 435. சந்தோஷப்படும் அளவு மிச்சமில்லை, ஆனாலும் மிச்சம் அந்த 85 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆக மூன்று சில்லும் ரீச் டிரக்கும் இட எண்ணிக்கையில் ஒன்று. எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது முற்றம்.

இங்கே சாமான் வருவது திறந்த லொறியில், இறக்குவது வாசலுக்கு வெளியே. ரீச் டிரக்கின் சில்லு சின்னது, கடினமானது. வழுவழுப்பான கொங்கிறீற்றுக்குத்தான் அது சரி. எங்கள் நிலம் வயலை நிரப்பிக் கட்டியது. இரண்டு கொங்கிறீற் பலகை சேரும் இடத்தில் ஒன்று தாழ்ந்து விளிம்பு தெரிகிறது. அந்த விளிம்பு சின்னச் சில்லைக் கடிக்கும். வெளியே கிறவல், மாரியில் சேறு. எனவே ரீச் டிரக் எடுத்தால் வெளியே வேலைக்கு இன்னொரு வண்டி வேண்டும். இரண்டு வண்டி என்றால் இரண்டு பற்றரியோ ஒரு பற்றரியும் ஒரு டீசல் எஞ்சினோ, இரண்டு தரம் சர்வீஸ். வாசலில் ஒருவர் இறக்கி வைத்த பலட்டை மற்றவர் தூக்கும் வரை காத்திருப்பும் சேரும். மூன்று சில்லு உள்ளே எடுத்ததை அப்படியே வெளியே கொண்டு போகும். அதற்காக வாசலில் 8 மீற்றருக்கு கொங்கிறீற் போட்டோம். அதைத் தாண்டி ஈரத்தில் இறக்கக் கூடாது என்று மஞ்சள் கோடும் அடித்தோம். ஒருமுறை இறக்கினார்கள்; டிராக்டர் வந்துதான் இழுத்தது.

நிலம் சரியில்லாதது மூன்று சில்லுக்கும் பிரச்சினைதான், மறைக்கவில்லை. முன் சில்லுகள் ஒரு மீற்றர் இடைவெளியில் இருந்து ஒரு பக்கம் 5 மில்லிமீற்றர் தாழ்ந்தால், 4.5 மீற்றர் உயரத்தில் முள் இரண்டேகால் சென்ரிமீற்றர் சாயும். உச்சித் தட்டில் வைக்கும்போது கண்ணால் தெரியும். மோசமான இரண்டு இடங்களில் விளிம்பை அரைத்துச் சமப்படுத்தினோம். அந்த உயரத்தில் ஒரு தொன் தூக்குமா என்பதையும் வண்டியின் பெயரில் உள்ள தொன்னை வைத்துச் சொல்ல முடியாது. முள் ஏறி இறங்கும் மாஸ்டின் உயரத்துக்கு ஏற்ப வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும்.

எங்களை உண்மையில் பயப்படுத்தியது மூடையின் வயிறு. வழியின் அகலம் பீமுக்குப் பீம் அல்ல, சரக்குக்குச் சரக்கு. அரிசி மூடை இரண்டு நாளில் அமர்ந்து பக்கத்துக்கு 5 சென்ரிமீற்றர் வெளியே தள்ளும். 3.46இல் பத்துப் போனால் 3.36. வண்டிக்கு வேண்டியது 3.31. றாக்கைக்குப் பணம் கட்ட முதல் களஞ்சியத்துக்குள் இரண்டு பக்கமும் பலட்டுகளை அடுக்கி, பார்க்கக் கொண்டுவந்த வண்டியை அதற்குள் திருப்பச் சொன்னோம். திரும்பியது. புதுப் பொடியன் ஓட்டியபோது இரண்டு மூடை கிழிந்தது. இப்போது மூடையை விளிம்புக்கு உள்ளே தள்ளி அடுக்கி, பிளாஸ்ரிக் சுற்றுகிறோம்.

வண்டி வந்து பதினாலு மாசம்தான். பற்றரி எத்தனை வருஷம் தாங்கும் என்று இப்போது என்னிடம் கேட்டால் பதில் இல்லை. அது படுத்தால் வாடகைக்குக் கிடைக்கும் டீசல் வண்டிகள் இந்த வழிக்குள் திரும்பாது என்பதும் தெரிந்தே எடுத்த ஆபத்து. உங்கள் கட்டடம் 9, 10 மீற்றர் உயரம், தரை புதிது, லொறி நேரே மேடையில் பின்வைக்கும் என்றால் ரீச் டிரக்கை நானும் எடுத்திருப்பேன்.

இந்த மாசி கடைசியில் எண்ணினோம்: 381 பலட் நின்றது, 87 சதவீதம். மூடைக்கு இடம் தட்டவில்லை. பங்குனியில் பிஸ்கற் மட்டும் கணக்கை மீறி வந்தது. ஒன்பது உயரப் பலட் வாசல் பக்கம் நிலத்தில் கிடந்து, வருஷப் பிறப்புக்கு முதல் நாள்தான் போய் முடிந்தது.