இரண்டு வருடம் கையில் இருந்த ‘ஒரிஜினல்’ பிஎஸ்4 கண்ட்ரோலர்

நேற்று அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "மாமா, இது ஒரிஜினலா பாருங்க, 90 ரிங்கிட் சொல்றாங்க" என்று கேட்டான். கறுப்பு பிஎஸ்4 கண்ட்ரோலர், முன்பக்கம் மட்டும், அணைந்து கிடக்கிறது. இதே மாதிரி ஒரே ஒரு படத்தை நம்பித்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் செந்தூலில் ஒருவரிடம் வாங்கினேன்.

அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது டச்பேடின் மேல் விளிம்பு. 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அங்கே ஒரு மெல்லிய கோடு இருக்கும், ஆன் செய்தால் பின்னால் எரியும் விளக்கு அதன் வழியாகவும் தெரியும். 2013-இல் வந்த முதல் பதிப்பில் அந்தக் கோடே கிடையாது, அதனால் கோடு இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. முதுகு லேபிளில் இரண்டாம் பதிப்பின் எண்ணான CUH-ZCT2 என்று போட்டிருந்து முன்னால் கோடு இல்லையென்றால்தான் இடிக்கிறது. ஒன்று போலி, இல்லாவிட்டால் யாரோ ஓடு மாற்றியிருக்கிறார்கள். ஆகவே லேபிள் ஒரு படம், ஆன் செய்து ஒரு படம், இரண்டும் கேட்க வேண்டும்.

ஆனால் என்னுடையதில் கோடும் இருந்தது, லேபிளும் சரியாக இருந்தது. இதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஹெட்போன் செருகினால் சத்தமே வராது, டச்பேடை அழுத்தலாமே தவிர விரலை நகர்த்தினால் ஒன்றும் நடக்காது, நான் ஏதோ செட்டிங் கோளாறு என்று மாதக்கணக்கில் நோண்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இடது ஸ்டிக் தானாகவே நகர ஆரம்பித்ததால் ரிப்பேருக்குக் கொடுத்தேன். அவர் திறந்து, பக்கத்தில் ஒரு ஒரிஜினலையும் திறந்து வைத்து, "இங்க பாருங்க அண்ணே" என்று காட்டினார். ஒரிஜினலில் அதிர்வு மோட்டார் இடது பக்கம் பெரிது, வலது பக்கம் சிறிது. என்னுடையதில் இரண்டும் ஒரே சைஸ், இரண்டுமே சின்னது. ஒரிஜினலின் பேட்டரியில் 1000 எம்ஏஎச், என்னுடையதில் 600. இரண்டு மணி நேரத்தில் ஏன் அணைந்துபோகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நியாயமாகச் சொன்னால் பட்டன்கள் அருமை. இரண்டு வருடம் தினமும் ஃபுட்பால் ஆடியும் ஒன்றுகூட ஒட்டவில்லை, ஆர்2 இன்னும் புதுசு மாதிரி. ஸ்டிக்கை மாற்றி இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறேன்.

இருந்தாலும் அக்கா மகனிடம், "வாங்காதே" என்றுதான் சொன்னேன். காப்பி என்று சொல்லி 40 ரிங்கிட்டுக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். ஒரிஜினல் என்று சொல்லி 90 கேட்கிறவரிடம் நேரில் போய், ஹெட்போனைச் செருகிச் சத்தம் கேட்டுவிட்டு, டச்பேடில் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.