நேம்சர்வரையும் ஐபியையும் ஒரே இரவில் மாற்றுவதா, இரண்டு தவணையில் மாற்றுவதா?

பேரணாம்பட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். `.com` டொமைன். வெப்சைட், மெயில், நேம்சர்வர் மூன்றுமே பழைய ஹோஸ்டிங்கில் இருக்கின்றன. மூன்றையும் மாற்றியாக வேண்டும்.

முதல் வழி, ஒரு பதிலை எவ்வளவு நேரம் சேமித்து வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றுவது. மெயில் இல்லாத சின்ன சைட்டுக்கு இது போதும்.

மெயில் இருந்தால் எனக்கு இரண்டாவது வழிதான் சரி: முதலில் நேம்சர்வர் மட்டும், பிறகு ஐபியும், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும். காரணம் ஒன்றுதான். நீங்கள் குறைக்கும் 300 உங்கள் ரெக்கார்டுகளுக்கு மட்டுமே. இந்த டொமைனுக்கு எந்த நேம்சர்வர் என்று `.com` ரெஜிஸ்ட்ரி சொல்லும் பதிலின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதில் நம்மால் கை வைக்க முடியாது. அந்த இரண்டு நாளும், பயனர்களுக்காக டொமைன் பெயரைத் தேடித் தரும் ரிசால்வர்களில் சில பழைய நேம்சர்வரையே கேட்கும். அங்கே பழைய எம்எக்ஸ் இருந்தால், ஜெர்மனி பையர் அனுப்பிய ஆர்டர் பழைய மெயில்பாக்ஸில் போய் விழும். பவுன்ஸ் ஆகாததால் அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பழைய, புதிய நேம்சர்வர் இரண்டிலும் ஒரே ரெக்கார்டுகள் இருந்தால் யார் பதில் சொன்னாலும் ஒன்றுதான். ரெஜிஸ்ட்ராரில் மாற்றுவதற்கு முன்பே இப்படி ஒப்பிடலாம்:

```
dig @ns1.old.example shop.example MX +short
dig @ns1.new.example shop.example MX +short
```

இதையே A, TXT ரெக்கார்டுகளுக்கும் செய்யுங்கள். புதிய இடத்தின் தானியங்கி இம்போர்ட்டை நம்ப வேண்டாம். அது வழக்கமான பெயர்களை ஊகித்துத் தேடும். மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும், `selector1._domainkey` மாதிரியான டிகேஐஎம் பெயர்கள் விட்டுப்போகலாம், பிறகு மெயில் ஸ்பாமுக்குப் போகலாம். பழைய பேனலில் ஜோன் ஃபைல் எக்ஸ்போர்ட் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் முதலில் ரெஜிஸ்ட்ராரில் உள்ள டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, குறைந்தது ஒரு நாள் விட்டுத்தான் நேம்சர்வரைத் தொட வேண்டும்.

டிடிஎல்லை எப்போது குறைப்பது? பழைய நேம்சர்வர் தொடர்ந்து பதில் சொல்லும் என்றால் முன்பே 300 ஆக்கலாம். ஏதாவது ரெக்கார்டு தவறாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தம் போய்ச் சேரும். ஆனால் சில இடங்களில் நேம்சர்வரை மாற்றியதும் பழைய ஜோனை நீக்கிவிடுவார்கள். கேட்டால் `REFUSED` வரும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் தவணைக்கு டிடிஎல்லைக் குறைக்காமல் 86400 ஆக விடுவதே நல்லது. ரிசால்வர்களில் ஏற்கெனவே சேமித்த பதில் கொஞ்ச நேரமாவது தாங்கும். எப்படி நடந்துகொள்வார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் சப்போர்ட்டில் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று நாள் பழைய ஜோனில் கை வைக்காதீர்கள். அதன்பின் புதிய இடத்தில் 300 வைத்து, முன்பிருந்த டிடிஎல் முழுதும் கழிந்ததும் ஐபியையும் எம்எக்ஸையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கிற்கு இன்னொரு மாத வாடகை கூடுதலாகத்தான் ஆகும். ஒரு ஆர்டர் மெயில் தொலைவதோடு பார்த்தால் அது பெரிதில்லை.