ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்கு வைண்டர் கட்டாயம் என்றால் நம்பாதீர்கள்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரக் கடையொன்றில் கை அசைவால் தானே சாவி ஏறும் சேய்கோ ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்கினேன். கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் மட்டுமே கட்டுவேன் என்றதும் விற்பனையாளர் பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் வைண்டர் கட்டாயம் ஐயா. நின்று கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும், வாரண்டியும் செல்லாது" என்று அடித்துச் சொல்லி, கட்டாத நேரத்திலும் கடிகாரத்தை மோட்டாரால் சுற்றி ஓடவைக்கும் பெயர் பதிக்காத சுழல்பெட்டி ஒன்றை 450 ரிங்கிட்டுக்குத் தலையில் கட்டினார். வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

எண்ணெய் கதையும் பொய். இன்றைய கடிகாரங்களில் இருப்பது செயற்கை எண்ணெய். சில வாரங்கள் நின்றால் அது இறுகாது. காலப்போக்கில் அது கெடத்தான் செய்யும், ஆனால் ஓடினாலும் நின்றாலும் கெடும். சும்மா கிடக்கும் கடிகாரத்தை இரவு பகலாகச் சுற்றவிட்டால் சக்கரங்கள் வீணாகத் தேய்வதுதான் மிச்சம்.

எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். மாதக்கணக்கில் அந்தச் சுழல்பெட்டியில் இருந்த கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைத் திறக்கவே இல்லை. சிறிய திசைகாட்டியை அருகே வைத்தார். முள் சட்டென்று விலகியது. கடிகாரத்தில் காந்தம் ஏறியிருந்தது. மயிரிழை போன்ற சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்போது வில்லின் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும், கடிகாரம் வேகமெடுக்கும். பிறகு வைண்டரை ஓடவிட்டு, கடிகாரம் அமரும் மெத்தையருகே திசைகாட்டியைக் கொண்டுபோனார். முள் அங்கேயும் ஆடியது: மோட்டாரின் காந்தத்தைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. காந்தம் நீக்கும் கருவியில் வைத்துச் சில நொடிகளில் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் கடிகாரத்தில் இருப்பது 4ஆர்36 இயந்திரம். முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். நின்றால் நிற்கட்டும். கட்டப்போகும் நாளில் திருகியைக் கையால் இருபது, முப்பது முறை சுற்றினால் போதும். தேதியை மாற்றுவதில் மட்டும் கவனம் வேண்டும்: இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே முட்கள் நிற்கும்போது மாற்றினால் தேதிச் சக்கரத்தின் பல் உடையலாம். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்து முந்தைய நாளின் தேதியை வையுங்கள். தேதி மாறும்வரை முட்களை முன்னோக்கித் திருப்பி, பிறகு நேரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

மாதம், லீப் ஆண்டு வரை தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் என்றால் வைண்டருக்கு நியாயம் உண்டு. நின்றால் அதை மறுபடி அமைப்பது பெரும்பாடு.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ரசீதையும் வாரண்டி அட்டையையும் வைத்து மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.