5 யூனிட்டில் நின்றுவிடும் என்றார்கள், 22 யூனிட் போய்விட்டது

நேற்றைய கணக்கை இப்போதுதான் முடித்தேன், கை இன்னும் நடுங்குகிறது. பந்தயப் பணமாக வைத்திருந்த 100 யூனிட் இருப்பில் 22 யூனிட் ஒரே நாளில் போய்விட்டது. டென்னிஸ் பந்தயத்துக்கான தானியங்கி நிரலை மாதச் சந்தாவுக்கு விற்கும் ஒரு தளத்தை நம்பியதன் விளைவு இது.

தினமும் காலையில் வீரர்களின் பலத்தை எண்ணாகக் காட்டும் எலோ ரேட்டிங்கைப் புதுப்பித்து, வெற்றி வாய்ப்பை, வென்றால் எத்தனை மடங்கு திரும்பும் என்ற ஆட்ஸால் பெருக்கி ஒன்றைக் கழித்து எட்ஜ் கண்டு, 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தானே பந்தயம் வைக்கும் என்றார்கள். நான் தயங்கியபோது, விற்றவர் தன் திரையில் ஒரு பழைய நாளின் பதிவைக் காட்டினார். நட்டம் அன்றைய வரம்பான 5 யூனிட்டைத் தொட்டதும் நிரல் நின்றிருந்தது. "நீங்கள் தூங்கினாலும் இது தூங்காது" என்றார். அந்த ஒரு வரியில்தான் பணத்தைக் கட்டினேன்.

நேற்றுக் காலை ஒரே ஓட்டத்தில், தலா 2 யூனிட்டாக 30 பந்தயங்களை வைத்துவிட்டது. ஒரு ஆட்டம்கூட அப்போது தொடங்கவில்லை. வரம்பைச் சோதிக்கும் வரி இதுதான்:

```
if settled_loss >= 5: stop()
```

முடிந்த பந்தயங்களின் நட்டத்தை மட்டுமே அது பார்க்கிறது. காலையில் அந்த எண் சுழியம். 60 யூனிட் களத்தில் கிடப்பது அதன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. மாலையில் 5 யூனிட் நட்டத்தைத் தொட்டதும் கடமை தவறாமல் நின்றது, ஆனால் நிறுத்துவதற்கு ஒரு பந்தயமும் மிச்சமில்லை. 30-இல் 9 மட்டுமே வென்றன.

எப்படி 30 பந்தயங்கள் கிடைத்தன? பதிவுக் கோப்பில் `fetch failed, using cache` என்ற வரி மூன்று வாரங்களாக ஒவ்வொரு நாளும் இருக்கிறது. ரேட்டிங் புதுப்பிக்கப்படவே இல்லை! ஒரு ஆட்டத்தில் நிரல் வைத்திருந்த எண்கள் 1700, 1600. அதன்படி வாய்ப்பு 64 சதவீதம், 2.10 ஆட்ஸுக்கு எட்ஜ் 34 சதவீதம். முடிவுகளைச் சேர்த்து நானே கணக்கிட்டால் 1630, 1650. வாய்ப்பு 47 சதவீதம், எட்ஜ் கழித்தல் ஒரு சதவீதம். தொடவே கூடாத பந்தயம் அது.

கேட்டால், "வரம்பு சரியாகவே வேலை செய்தது" என்று முதல் பதில். அடுத்து, "ஏற்ற இறக்கம் இயல்பு, நீண்ட காலத்தில் சரியாகும்." கோப்பின் வரியை அனுப்பினேன், "தொழில்நுட்பக் குழுவுக்கு மாற்றியிருக்கிறோம்" என்றார்கள். பிறகு பேச்சே இல்லை. 22 யூனிட்! 5 என்று சொல்லி 22!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வாங்கியிருப்பவர்கள் இன்றே அந்த வரியை மாற்றுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் இந்தச் சோதனை நடக்க வேண்டும்:

```
if settled_loss + open_stake + stake > 5: stop()
```

ரேட்டிங் கோப்பின் தேதி இன்றையதாக இல்லாவிட்டால் நிரலை ஓடவே விடாதீர்கள். பெரிய போட்டிகளில் 30 சதவீத எட்ஜ் காட்டினால் ரேட்டிங் பழையது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். சந்தாவை நான் நிறுத்திவிட்டேன். பந்தயக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன், அந்த நிரல் இன்னும் அதை வைத்திருந்தது.